மைனஸ் பதினைந்தில் பட்டுச்சேலை

கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் முதல் தைப்பொங்கலன்று வெளியே மைனஸ் பதினைந்து. மதுரையிலிருந்து கொண்டுவந்த கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு கோவிலுக்குப் போவதாகத் திட்டம். உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை போட்டேன். அதன் மேல் ஜாக்கெட்டை மாட்டினால் கொக்கி எட்டவில்லை. ஓரத் தையலைப் பிரித்து கொக்கியை எப்படியோ மாட்டிவிட்டேன். அப்புறம் முந்தானைக்குப் பின் குத்தக் கையைத் தூக்கினால், அக்குளில் பிடித்து இழுத்தது. கடைசியில் தெர்மலைக் கழற்றி வீசிவிட்டு, நடுங்கிக்கொண்டே போய் வந்தேன்.

அடுத்த வாரம் பக்கத்துக் கட்டடத்தில் தையல் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் அந்த ஜாக்கெட்டைக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீலையில பிழையில்லை, பிள்ளை. சட்டையிலதான் பிழை" என்றார்.

ஊர் டெய்லர் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் விடும் துணி மார்புச் சுற்றளவுக்குத்தான் உதவும். கைச்சுற்றும் அக்குளும் இறுக்கமாகவே இருக்கும். அக்கா மீதமிருந்த ஜாக்கெட் துண்டிலிருந்து இரண்டரை அங்குலச் சதுரம் இரண்டு வெட்டினார். ஒவ்வொரு அக்குளிலும் கைத்தையலும் பக்கத்தையலும் சந்திக்கும் இடத்தைப் பிரித்து, சதுரத்தின் மூலை மேலும் கீழுமாக வரும்படி வைத்துத் தைத்தார். கையை இறக்கினால் அது தெரியவே தெரியாது. புதிதாகத் தைப்பதென்றால் தெர்மலைப் போட்டுக்கொண்டே அளவு கொடுக்கச் சொன்னார். கை மணிக்கட்டு வரை, கழுத்து படகு வடிவம், நீளம் இடுப்பு வரை. முன்பக்கக் கொக்கியைவிடப் பக்கவாட்டு ஜிப் நல்லது, உள்ளே துணி தடிக்கும்போது கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளக்காது. தெர்மலின் கழுத்து ஜாக்கெட் கழுத்தைவிட இறக்கமாக இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்காமல் வாங்கிய ஒன்று இன்னமும் அலமாரியில் கிடக்கிறது.

கீழே லெகிங்ஸ், அதன் மேல் பருத்தி உள்பாவாடை. பாலியஸ்டர் பாவாடை கட்டினால், ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் சேலை காலோடு காலாக ஒட்டிக்கொண்டு, நடக்க நடக்க மேலே ஏறும். அப்படி ஒட்டினால் உள்ளங்கையை ஈரமாக்கிப் பாவாடை மேல் ஒருமுறை தடவினால் போதும், கொஞ்ச நேரம் அடங்கும்.

உண்மையான எதிரி பனியைவிட உப்புதான். பனி உருகட்டும் என்று கார் நிறுத்துமிடம் முழுக்க உப்பைக் கொட்டி வைத்திருப்பார்கள். உருகிய சேற்றில் சேலையின் அடி நனைந்தால், காய்ந்ததும் கரையில் வெள்ளைக் கோடு விழும், ஜரிகையும் மங்கும். உள்பக்கம் தைத்த ஃபால்ஸ் துணியை முதலில் நனைத்துக் காயவைக்காமல் தைத்திருந்தால், அது சுருங்கிக் கரையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். அதனால் இப்போதெல்லாம் மண்டபத்துக்குள் போடும் செருப்பின் உயரத்துக்குச் சேலையைக் கட்டிவிட்டு, பூட்ஸ் மாட்டியதும் கொசுவத்தை முழங்கால் வரை மடித்து, இடுப்பில் துணி கிளிப் போட்டு, கணுக்கால் வரை வரும் கோட்டை மேலே போட்டுக்கொள்கிறேன். உள்ளே போய்க் கிளிப்பை எடுத்தால் மடிப்பு தானாக விழும். தோளில் குத்திய பின்னைக் கோட் கழற்றும்போது ஒரு கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் பட்டு கிழியும். என்னுடையது கிழிந்தது.

கணவரின் வேட்டிக்கதை சின்னது. நாலு முழத்தைவிட எட்டு முழம் இரட்டையாக வருவதால் குளிர் தாங்கும். உள்ளே கறுப்புத் தெர்மல் போட்டால் வெள்ளை வேட்டியில் நிழலாடும், வெளிர் நிறம்தான் சரி. ஒட்டிக்கொள்ளும் வேட்டி வாங்கியபோது, அதன் ஒட்டுப்பட்டி கம்பளித் தெர்மலைப் பிடித்து நூல் நூலாக இழுத்துவிட்டது. நடுவே ஒரு பருத்தி அரைக்கால் சட்டை போட்டதும் அந்தச் சண்டை ஓய்ந்தது.

அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் பருத்திச் சேலை கட்டுகிறேன், ஜாக்கெட்டுக்குப் பதில் கழுத்து மூடிய மெல்லிய ஸ்வெட்டர். பின்னலில் குத்திய பின் ஓட்டையை இழுத்துப் பெரிதாக்குவதால், உள்பக்கம் ஒரு சிறு துணித்துண்டை வைத்து அதையும் சேர்த்துக் குத்துகிறேன். முந்தானை முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ஒருமுறை நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சக்கரம் அதன் மேல் ஏறி, நான் எழுந்திருக்க முடியாமல், மீட்டிங் அறைக்குள் இருந்தவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.