திருமணக் கண்காட்சியில் ஒரு சிறிய ஸ்டால்: நாட்குறிப்பு

ஜூன் 9

செப்டம்பரில் நடக்கும் இரண்டு நாள் திருமணக் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கலாமா என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். வாடகை, மின் இணைப்பு, விளக்கு, அச்சு, வண்டிக் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு திருமணத்தைப் படமெடுத்தால் உதவியாளர் சம்பளமும் ஆல்பம் செலவும் போக என் கையில் நிற்கும் தொகையைப் போல இரண்டு மடங்கு வருகிறது. இரண்டு முன்பதிவு கிடைத்தால் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்றாவதிலிருந்துதான் லாபம். அடுத்த பருவத்தில் எனக்குக் காலியாக இருக்கும் நல்ல தேதிகள் அதிகமில்லை என்பதால் நான்கு முன்பதிவை இலக்காக வைத்தேன்.

பிறகு விசாரிப்பு நோட்டைப் புரட்டினேன். தொலைபேசி எண் கொடுத்து விசாரிப்பவர்களில் மூன்றில் ஒருவர் நேரில் வந்து பேசுகிறார். நேரில் பேசியவர்களில் நான்கில் ஒருவர் முன்பணம் தருகிறார். ஆக, 12 பேருக்கு ஒரு முன்பதிவு. நான்குக்கு 48 பேர் வேண்டும். இரண்டு நாளும் சேர்த்து 14 மணி நேரம். மணிக்கு மூன்று, நான்கு பேர் போதும்!

இந்த எண் தெரிந்ததும் என் திட்டமே மாறிவிட்டது. கூட்டம் சேர்க்கும் பலூன், பரிசுக் குலுக்கல், சுழலும் விளக்கு எதுவும் எனக்குத் தேவையில்லை. பரிசுக் குலுக்கலுக்கு எண் கொடுப்பவர்களில் பலர் திருமணம் செய்யப் போகிறவர்களே அல்லர். ஒவ்வொரு ஜோடியோடும் கால் மணி நேரம் நிம்மதியாகப் பேச இடம் அமைந்தால் அதுவே போதும்.

ஜூன் 13

அரங்கின் வரைபடம் வந்தது. மூலை ஸ்டால்களுக்குக் கூடுதல் வாடகை. அவற்றைப் பார்க்கவே இல்லை. நுழைவாயிலை ஒட்டிய இடங்களும் வேண்டாம் என்று விட்டேன். உள்ளே வந்தவர்கள் முதல் சில அடிகளில் எங்கும் நிற்பதில்லை, சுற்றிப் பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள். மேடைக்கு எதிரே ஒலிபெருக்கி இருக்கும். அங்கே பேச்சு எடுபடாது. மண்டபங்களுக்கான ஸ்டால்கள் இருக்கும் வரிசையில் நடுவில் ஒன்றைக் கேட்டிருக்கிறேன். மண்டபத்தைப் பற்றிப் பேசி முடித்தவர்களுக்குத் தேதி மனத்தில் இருக்கும். புகைப்படக்காரருக்கு அதுதான் முதல் தேவை.

பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்கினேன்: எத்தனை புகைப்படக்காரர்கள் வருகிறார்கள், மேசையும் மின் இணைப்பும் வாடகையில் சேர்த்தியா, தடுப்புச் சுவரில் ஆணி அடிக்கலாமா, முந்தைய நாள் எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள். மின் இணைப்பு தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. ஆணிக்கு அனுமதி இல்லை. எனவே படங்களைச் சுவரின் மேல் விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும்.

ஜூலை 4

அச்சுக்கான படங்களைத் தேர்ந்தெடுத்தேன். பத்துப் பதினைந்து படங்களைச் சுவர் முழுக்க நிரப்பும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஆளுயரத்தில் ஒரே ஒரு படம் போடுகிறேன். நடைபாதையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் முகத்தில் இருக்கும் உணர்ச்சி தெரிய வேண்டும். பெயரும் தொழிலும் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும். இடுப்புக்குக் கீழே எழுதினால் முன்னால் நிற்பவர்கள் மறைத்துவிடுவார்கள்.

தாள் மேட். பளபளப்பான தாளில் அரங்கின் உச்சி விளக்குகள் வெள்ளைப் பட்டையாக விழுந்து முகத்தையே தின்றுவிடும். படத்துக்கென்று ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சுமார் 45 பாகை சாய்வில் வைக்கிறேன். அச்சுச் செலவில் பெரும்பகுதி இந்த ஒரு படத்துக்கே போகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை.

மேசையில் ஒரே ஒரு ஆல்பம். பல திருமணங்களிலிருந்து பொறுக்கிய சிறந்த படங்களின் தொகுப்பை வைப்பதில்லை; ஒரே திருமணத்தின் முழு ஆல்பம், அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு. காலை வெளிச்சம் நன்றாக இருந்தபோதும், மாலையில் இருட்டு அறையில் கூட்டத்துக்குள் எடுத்தபோதும் வேலை எப்படி வந்திருக்கிறது என்பதை ஸ்டாலுக்கு வருபவர்கள் பார்க்க வேண்டும்.

ஜூலை 21

ஸ்டாலுக்கு வருபவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் முடிந்தது. உள்ளங்கை அளவு அட்டை. முதல் கேள்வி திருமணத் தேதி, அடுத்தது மண்டபம் முடிவாகிவிட்டதா என்பது. அதன் பிறகே பெயரும் எண்ணும். தொடர்புகொள்ளச் சம்மதம் என்று ஒரு கட்டம். அரங்கில் இணையம் படுத்துவிடும் என்பதால் காகிதம்தான் முதன்மை, கியூஆர் குறியீடு விரும்புபவர்களுக்கு.

சுவரில் ஓர் ஆண்டு நாட்காட்டி பெரிதாகத் தொங்கும். ஏற்கெனவே பதிவான தேதிகளில் சிவப்புப் பொட்டு. “உங்கள் தேதி எது?” என்று கேட்டால் போதும், அவர்களே விரல் வைத்துத் தேடுவார்கள்.

விலைக் குறைப்பு தருவதில்லை என்று முடிவு செய்தேன். அதற்குப் பதிலாக, தேதி காலியாக இருந்தால் முன்பணம் இல்லாமலே ஏழு நாள் அவர்கள் பெயரில் பிடித்து வைப்பேன். நாட்காட்டியில் பென்சிலால் வட்டம். அதே தேதியை வேறொருவர் கேட்டால், இன்னொருவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று உள்ளபடி சொல்வேன். கண்காட்சி இரைச்சலில் அவசரப்பட்டுக் கொடுக்கும் முன்பணம் வீட்டுக்குப் போனதும் சண்டையாக மாறுவதைத் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

கண்காட்சிக்கு அடுத்த வாரம் வேறு எந்த வேலையும் ஏற்கவில்லை. அந்த வாரத்தின் சந்திப்பு நேரங்களைச் சிறு சீட்டுகளில் எழுதி வைத்துவிட்டேன். “பிறகு அழைக்கிறேன்” என்பதைவிட “புதன் மாலை ஐந்து மணியா, ஆறு மணியா?” என்று கேட்பது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 23

கூடத்தில் பத்தடிக்குப் பத்தடி டேப் ஒட்டி ஒத்திகை பார்த்தோம். மேசையை முன்னால் குறுக்கே போட்டதும் தங்கை, “அக்கா, கடைக்காரரிடம் பேசுவது போல இருக்கிறது, உள்ளே வரத் தோன்றவில்லை” என்றாள். பக்கச் சுவரோடு நகர்த்தினோம். முன்பக்கம் முழுவதும் திறந்துவிட்டது. நான் ஒரு ஜோடியோடு பேசும்போது அடுத்து வருபவர்களிடம் அவள் தேதியை மட்டும் கேட்டு, நாட்காட்டியைக் காட்டி, ஆல்பத்தைக் கையில் கொடுக்க வேண்டும். விலையை அவள் பேச வேண்டாம்.

செப்டம்பர் 5, இரவு

முதல் நாள் முடிந்தது. மதியம் இரண்டு மணி வரை மிக மந்தம். மேடை நிகழ்ச்சி முடிந்ததும் ஒரே சமயத்தில் வந்துவிட்டார்கள். கால் மணி நேரக் கணக்கு அந்த ஒரு மணி நேரத்தில் செல்லவில்லை. நாளை அப்போது பேச்சைச் சுருக்கி, சந்திப்புச் சீட்டை முதலிலேயே நீட்டப் போகிறேன். ஒவ்வொருவரும் நகர்ந்ததும் அட்டையின் பின்புறம் இரண்டு வார்த்தை எழுதிக்கொண்டோம்: “அப்பா முடிவெடுப்பார்”, “வீடியோ வேண்டாம்”. இரவில் படிக்கும்போது முகங்கள் நினைவுக்கு வருவது இதனால்தான்.

செப்டம்பர் 7

மொத்தம் 53 அட்டைகள். அவற்றில் 11 பேரின் தேதிகள் எனக்கு ஏற்கெனவே பதிவானவை. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அந்த விவரங்களை இரண்டு சக புகைப்படக்காரர்களுக்குக் கொடுத்தேன். மீதியை மூன்று கட்டாகப் பிரித்தேன். தேதியும் மண்டபமும் முடிவானவர்களுக்கு இன்றே தொலைபேசி. தேதி மட்டும் முடிவானவர்களுக்கு, அவர்கள் ஆல்பத்தில் நின்று பார்த்த படத்தோடு ஒரு செய்தி. தேதியே முடிவாகாதவர்களுக்கு நன்றி சொல்லி, அடுத்த மாதம் கேட்கிறேன் என்று ஒரு வரி.

செப்டம்பர் 26

நேரில் வந்தவர்கள் 15 பேர். முன்பணம் தந்தவர்கள் மூவர், அந்த மூவரும் மண்டபம் முடிவானவர்கள். போட்ட பணம் திரும்பி, ஒரு திருமணத்தின் லாபம் கையில் நிற்கிறது. இரண்டாவது கட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஏழு நாள் கெடு முடிந்த பென்சில் வட்டங்களை இன்று அழித்துவிட்டு, அந்தத் தேதிகள் மீண்டும் காலி என்று அந்தந்தக் குடும்பத்துக்குச் செய்தி அனுப்பினேன். அப்படி அனுப்பிய ஒரு செய்திக்கு, திங்கட்கிழமை வருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது.