பட்டப்பின் கல்வி டிப்ளோமா: கார்ட்னர், ஸ்டேர்ன்பேர்க் விமர்சன வினாவை எழுதுவது பற்றி

பெறுபேறு வந்துவிட்டது. கல்வி உளவியல் வினாத்தாளில் நல்ல தரத்தில் சித்தி. திருகோணமலையில் எங்களோடு படித்தவர்களில் சிலருக்கு இதே பாடம் கீழே இழுத்துவிட்டது. அடுத்த முறை எழுதப்போகிறவர்கள் போன் எடுத்துக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நுண்ணறிவு அலகில், கார்ட்னரின் பல நுண்ணறிவுக் கொள்கையையும் ஸ்டேர்ன்பேர்க்கின் முக்கூற்றுக் கொள்கையையும் சான்றோடு விமர்சிக்கச் சொல்லும் வினாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற அலகுகளுக்குக் கையேடே போதும்.

இந்த வினாவுக்குக் கையேடு போதாது. அதோடு எங்களிடையே கைமாறி வந்த போட்டோப்பிரதிக் குறிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. கார்ட்னரின் எட்டு நுண்ணறிவுகளின் பெயர்கள், ஸ்டேர்ன்பேர்க்கின் மூன்று நுண்ணறிவுகளின் பெயர்கள், “நிறைகள், குறைகள்” என்று இரண்டு நிரல். குறைகள் பக்கத்தில் “போதிய ஆய்வுச் சான்று இல்லை” என்று ஒரே ஒரு வரி. எந்தச் சான்று இல்லை, இருந்தால் அது எப்படித் தோன்றும் என்பதுதான் வினாவே. அதை எழுதாவிட்டால் புள்ளி கிடைக்காது.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு கேள்வி. எந்தக் கொள்கையை எடுத்தாலும், “இது சரியானால் பல பேரின் புள்ளிகளுக்கு இடையே இணைபு எப்படி இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். இணைபு என்பது இரண்டு புள்ளிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு. திறன்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் அது பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். எல்லாம் ஒரே திறன் என்றால் ஒன்றுக்குக் கிட்ட வர வேண்டும். 1904 இல் ஸ்பியர்மன் கண்டதும், அதன் பின் வந்த சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டதும் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒன்றில் நன்றாகச் செய்பவர்கள் மற்றதிலும் ஓரளவு நன்றாகச் செய்கிறார்கள். இணைபு நேர்க் கணியம், ஆனால் ஒன்றல்ல.

படிக்கும்போது இதை என் தரம் 9 வகுப்பின் தவணைப் புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். சதுரக் கோட்டுத் தாளில் கிடையாகத் தமிழ், நிலைக்குத்தாகக் கணிதம், ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. எல்லோரையும் குறித்து முடித்ததும் இடது கீழிருந்து வலது மேலாகச் சாய்ந்த ஒரு மேகம் தெரிந்தது. அதற்கு வெளியே, தமிழில் 38, கணிதத்தில் 81 எடுத்த ஒரு பையன் தனியாக நின்றான். ஆசிரியர் அறையில் இந்தக் கதை வந்தபோது பக்கத்து மேசை ஆசிரியை சொன்னார்: “மிஸ், என்னட்டயும் ஒரு பொடியன் இருக்கிறான். கணக்கு ஓடாது, பாட்டெண்டால் உயிர். கார்ட்னர் சொன்னது சரிதானே?” விடைத்தாள்களிலும் இந்த வாதத்தைத்தான் பலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு பிள்ளை இருப்பதை எந்தக் கொள்கையும் மறுக்கவில்லை. இணைபு ஒன்றுக்குக் குறைவாக இருந்தாலே அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். மேகத்துக்கு வெளியே நிற்கும் ஒரு புள்ளி மேகத்தைக் கலைத்துவிடாது. பாடப் புள்ளிகள் நுண்ணறிவுச் சோதனை அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருகை, ரியூஷன், வீட்டுச் சூழல் எல்லாம் அதற்குள் கலந்திருக்கும்.

இனிக் கார்ட்னர். 1983 இல் ஏழு நுண்ணறிவுகள், பிறகு இயற்கை சார்ந்ததைச் சேர்த்து எட்டு. அவை பெருமளவுக்குத் தனித்தனியானவை என்றார். ஆனால் அவற்றை அளக்கும் சோதனைத் தொகுதி எதையும் அவர் உருவாக்கித் தரவில்லை. 2006 இல் விஸர், ஆஷ்டன், வேர்னன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். 200 வளர்ந்தோர், நுண்ணறிவுக்கு இரண்டு சோதனை வீதம் மொத்தம் 16. மொழி, தருக்க கணிதம், வெளி ஆகியவை மட்டுமன்றி, இயற்கை சார்ந்ததும் பிறரைப் புரிந்துகொள்வதும்கூட, எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவாக நிற்கும் பொதுக் காரணியோடு நன்றாக ஒட்டிக்கொண்டன. விலகி நின்றவை உடலியக்கமும் இசையும், தன்னை அறிதலின் ஒரு பகுதியும். அதாவது சிந்தனை முதன்மையாக உள்ள இடத்தில் கார்ட்னரின் சுயாதீனம் நிற்கவில்லை. புலனும் தசையும் பெரும்பங்கு எடுக்கும் இடத்தில் ஓரளவு நிற்கிறது. கார்ட்னரின் பதிலையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அந்தச் சோதனைகள் மொழியிலும் தருக்கத்திலும் தங்கியிருப்பதால் அப்படித்தான் ஒட்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அப்படித் தங்காத சோதனைகளை வைத்து எட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினால்தான் அது நிறைவடையும்.

அடுத்து மூளைச் சேதச் சான்று. கார்ட்னர் பொஸ்டனில் பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்தவர். பேச்சை இழந்த ஒருவர் பாட்டின் சொற்களைப் பாடுவார். இசையைப் பிரித்தறிய முடியாத ஒருவர் சாதாரணமாகப் பேசுவார். இது உண்மையான, வலுவான சான்று. ஆனால் எந்தக் கேள்விக்கு? கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகை நினையுங்கள். எஞ்சின் வேறு, ஐஸ் அறை வேறு. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும். ஆனாலும் துறைமுகத்தில் நிற்கும் எல்லாப் படகையும் எடுத்துப் பார்த்தால், நல்ல எஞ்சின் உள்ள படகில் ஐஸ் அறையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டையும் பராமரிப்பது ஒரே முதலாளியின் காசு. ஒரு தலைக்குள் உறுப்புகள் பிரிந்திருப்பது ஒரு விடயம். ஆளுக்காள் உள்ள வேறுபாடுகள் சேர்ந்தே நகர்வது இன்னொரு விடயம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். மூளைச் சேதச் சான்று முதலாவதைக் காட்டுகிறது, இரண்டாவதை உடைக்கவில்லை. என் விடையில் அதிக இடம் கொடுத்தது இந்தப் பந்திக்குத்தான். வேறு எதையும் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதைப் படித்துக்கொண்டு போங்கள்.

ஸ்டேர்ன்பேர்க் வேறு மாதிரி. 1985 இல் முக்கூற்றுக் கொள்கையை வைத்தார்: பகுப்பாய்வு, படைப்பாக்கம், நடைமுறை. தானே சோதனையும் கட்டினார், எண்களையும் தந்தார். அதனாலேயே அவரை அவருடைய எண்களாலேயே சோதிக்கலாம். 2003 இல் பிரோடி அதைச் செய்தார். மூன்று கூறுகளும் ஒன்றோடொன்று இணைபு காட்டின, வழமையான நுண்ணறிவுச் சோதனைகளோடும் காட்டின. இத்தனைக்கும் ஸ்டேர்ன்பேர்க் சோதித்த அந்த மாணவர்கள் திறமைசாலிகள் என்று பாடசாலைகளால் பரிந்துரைக்கப்பட்டவர்கள். இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. என் வரைபில் இரண்டு பாடத்திலும் 75 க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் விட்டுவிட்டு மற்றப் புள்ளிகளைத் தாளால் மூடினேன். சாய்ந்த மேகம் போய், வலது மேல் மூலையில் உருண்டையாக ஒரு கூட்டம்தான் மிஞ்சியது. அதே பிள்ளைகள், அதே பரீட்சை, இணைபு மட்டும் சுருங்கிவிட்டது. ஆகவே திறமைசாலிகளை மட்டும் வைத்து “இணைபு குறைவு, எனவே திறன்கள் வேறு” என்று யார் சொன்னாலும், முழு மாணவர் தொகையில் எவ்வளவு என்று கேட்க வேண்டும். தெரிவு செய்த கூட்டத்திலேயே இணைபு மிஞ்சியிருக்கிறது என்றால் முழுத் தொகையில் அது இன்னும் கூடவே இருக்கும்.

ஸ்டேர்ன்பேர்க் குழு நடத்தி 2006 இல் வெளிவந்த ரெயின்போ திட்டத்தின் முடிவு இன்னும் பயனுள்ளது. படைப்பாக்கத்தையும் நடைமுறையையும் சேர்த்து அளந்தால், பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் புள்ளியை அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்ஏடி பரீட்சையை விடக் கூடுதலாக எதிர்வுகூறலாம் என்றார்கள். இது அவருக்குச் சார்பான சான்று, மறைக்க வேண்டாம். ஆனால் எந்தச் சோதனைகள் சேர்ந்து நகர்கின்றன என்று பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வில் பல்தேர்வு வினாக்கள் மூன்று கூறுகளாகப் பிரியவில்லை. பகுப்பாய்வு, படைப்பாக்கம், நடைமுறை எல்லாவற்றின் பல்தேர்வு வினாக்களும் ஒரே காரணியில் வந்து விழுந்தன. கேட்கும் முறை ஒன்றாக இருந்தால் உள்ளடக்கம் வேறானாலும் சேர்ந்து நிற்கின்றன. கதை எழுது, சூழ்நிலைக்குத் தீர்வு சொல் போன்ற செயல் வினாக்கள்தான் தனியாக நின்றன.

நடைமுறை நுண்ணறிவுக்கு எல்லோரும் எழுதும் கென்யா உதாரணத்தையும் கவனமாக எழுதுங்கள். மூலிகை மருந்துகள் பற்றிக் கூடத் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகள் பாடசாலை சார்ந்த சொல்வளச் சோதனையில் குறைவாக எடுத்தார்கள். எதிர் இணைபு. இதற்கு ஆய்வாளர்களே சொன்ன விளக்கம், சில குடும்பங்கள் பாடசாலைப் படிப்பை மதிக்கின்றன, சில ஊர் அறிவை மதிக்கின்றன என்பது. இங்கேயும் நீரோட்டம் பார்த்து வலை போடத் தெரிந்த பிள்ளை கடலில் நிற்கும் நேரம் வகுப்பில் இருப்பதில்லை. அப்படியானால் அந்த இணைபு நேரத்தை எங்கே செலவழித்தார்கள் என்பதைக் காட்டுகிறது. இரண்டு வேறு திறன்கள் உண்டு என்பதற்கு அது மட்டும் போதாது. 2003 இல் கொட்ஃபிரெட்சன் எழுதிய விமர்சனமும் இதற்கு அருகில்தான் வருகிறது. நடைமுறை நுண்ணறிவு பொது நுண்ணறிவுக்குச் சமமான தனித் திறன் என்ற பெரிய கோரலைத் தாங்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றார்.

சரி, அப்படியானால் தனித் திறன்களே இல்லையா? இருக்கின்றன. விடையை இங்கே நிறுத்திவிடாதீர்கள். தேர்ஸ்டன் 1938 இல் ஏழு அடிப்படைத் திறன்களைப் பிரித்தார். அவையும் தமக்குள் இணைந்திருப்பது பின்னர் தெரிந்தது. 1993 இல் கரோல் 460 க்கும் மேற்பட்ட தரவுத் தொகுதிகளை மறுபடி பகுத்து மூன்று அடுக்கு அமைப்பைத் தந்தார்: மேலே பொதுக் காரணி, நடுவில் எட்டு அகன்ற திறன்கள், கீழே பல குறுகிய திறன்கள். தனித் திறன்கள் இருக்கின்றன, ஆனால் பொதுக் காரணியின் கீழே. வயதோடு புதிய சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல் முதலில் குறைகிறது, சேர்த்த அறிவும் சொல்வளமும் நீண்ட காலம் நிற்கின்றன. ஒரே திறனாக இருந்தால் இரண்டும் ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

மிகத் தெளிவான சான்று வெளிசார் ஆற்றல். ஓர் உருவை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது, விரித்த அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று காண்பது. 1960 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4 இலட்சம் உயர்பள்ளி மாணவரைச் சோதித்து 11 ஆண்டுகளுக்குப் பின் பார்த்த தரவை, 2009 இல் வை, லுபின்ஸ்கி, பென்போ பகுத்தார்கள். மொழி, கணிதப் புள்ளிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், விஞ்ஞானம், பொறியியல் துறைகளில் பட்டம் எடுத்தவர்களை வெளிசார் ஆற்றல் மேலதிகமாக எதிர்வுகூறியது. தனித் திறன் என்று ஏற்க இதைத்தான் கேட்க வேண்டும்: பொதுத் திறனைக் கழித்த பிறகும் வாழ்க்கையில் எதையாவது இது சொல்கிறதா?

எழுதும்போது கவனிக்க வேண்டியவை:

- பட்டியலுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எட்டுப் பெயரும் பரீட்சகருக்குத் தெரியும்.
- சாய்ந்த மேகம், வட்ட மேகம் இரண்டையும் சின்னதாக வரைந்து பெயரிடுங்கள்.
- பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்ற கற்றல் பாணியைக் கார்ட்னர் தலையில் கட்ட வேண்டாம். அது தன் கொள்கை அல்ல என்று அவரே 2013 இல் எழுதியிருக்கிறார்.
- “வகுப்பறைப் பிரயோகம்” என்று கேட்டால், ஒரு பாடத்தைப் பல வழிகளில் காட்டுவது எல்லாப் பிள்ளைக்கும் உதவும் என்று எழுதலாம். அதற்கு எட்டு நுண்ணறிவு உண்மையாக இருக்கத் தேவையில்லை. பின்னங்களைப் பாட்டாகப் பாடினால் இசைத் திறன் உள்ள பிள்ளைக்குப் பின்னம் விளங்கிவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளை பாட்டைத்தான் பாடமாக்கும், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்றுதான் எழுதும்.