பாதி வேகம், கால்வாசி ஆற்றல்

பட்டர்வொர்த்தில் அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் அவர் மகன் பள்ளிக் கண்காட்சிக்காக, சுழற்சியில் ஆற்றலைச் சேமிக்கும் ஒரு ஃபிளைவீல் செய்து வைத்திருக்கிறான். 5 கிலோ இரும்பு வட்டு, ஆரம் 15 சென்டிமீட்டர். டிரில்லால் நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு ஏற்றி, டிரில்லை விலக்கிக் கடிகாரத்தைத் தட்டினோம்.

கணக்கு எளிது. எடையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் நிலைமத் திருப்புத்திறன். அதில் பாதியைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல்: சுமார் 444 ஜூல். அதே வட்டை மூன்று மாடி உயரம் தூக்கலாம், அவ்வளவுதான்.

வட்டு நிற்க 220 விநாடி ஆனது. “அப்படியென்றால் விநாடிக்கு 2 ஜூல் இழப்பு, சித்தப்பா” என்றான். சராசரி சரிதான், ஆனால் சராசரி பலதை மறைத்துவிடும். 600 சுற்றுக்கு இறங்கியபோதே கடிகாரம் 80 விநாடிதான் காட்டியது. வேகம் பாதியானால் ஆற்றலில் முக்கால்வாசி போய்விடும். ஆக முதல் 80 விநாடியில் 333 ஜூல், மீதி 140 விநாடியில் வெறும் 111.

பேரிங் உராய்வு மட்டும் என்றால் வேகம் ஏறக்குறைய ஒரே சீராக, 110 விநாடியில் பாதியாகியிருக்கும். தொடக்கத்தில் அதிகம் தின்றது காற்று. பெரிய ஃபிளைவீல்களை வெற்றிடத்துக்குள் சுழற்றுவது இதனால்தான். பையன் பேரிங்குக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்தான். முதலில் விளிம்பின் பிசிறுகளைத் தேய்க்கச் சொன்னேன். கம்பி வலைக் கூண்டு இல்லாமல் மறுபடி ஓட்டக் கூடாது என்றும்.