முகமாற்றத்துக்கு மூல முகம்: ஒரு வீடியோவிலிருந்து ஒரே ஒரு ஃபிரேம்

எங்கள் குறும்படத்தில் பைக் சாகசம் செய்தவர் வேறு ஒருவர். அவர் முகத்தின் இடத்தில் நாயகனாக நடித்த நண்பரின் முகம் வர வேண்டும். இருவருமே சம்மதித்துவிட்டார்கள். நண்பர் ஜன்னலோரத்திலிருந்து அறைக்குள் நடந்து வரும் 20 விநாடிக் காட்சி ஒன்று கைபேசியில் இருந்தது. அதிலிருந்துதான் மூல முகத்தை எடுத்தேன்.

நான் பயன்படுத்தும் inswapper_128 என்ற முகமாற்ற மாடல், மூலப் படத்தின் தோலையும் வெளிச்சத்தையும் அப்படியே ஒட்டுவதில்லை. முகத்தை 112×112 அளவுக்கு நேராக்கி, அதன் அடையாளத்தை 512 எண்களாகச் சுருக்கி எடுத்துக்கொள்கிறது. ஆகவே 4கே தெளிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. அசைவில் கலங்காத, நேராகப் பார்க்கும், இரு கன்னமும் தெரியும் முகமே போதும்.

முதலில் ஃபிரேம்களைப் பிரித்தேன். சேமிப்பில் தரம் மேலும் குறையாதிருக்க பிஎன்ஜி வடிவம்.

```
ffmpeg -i clip.mp4 -vf fps=10 f_%04d.png
```

கூர்மையை அளக்க லாப்லாசியன் மாறுபாடு நல்ல வழி. விளிம்புகள் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றனவோ அந்த அளவுக்கு எண் உயரும். ஆனால் முழுப் படத்தையும் அளந்தால் பின்னால் இருக்கும் புத்தக அலமாரிதான் வெல்லும். முகத்தை மட்டும் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு அளந்தேன்.

```python
g = cv2.cvtColor(face, cv2.COLOR_BGR2GRAY)
g = cv2.resize(g, (256, 256))
g = cv2.GaussianBlur(g, (3, 3), 0)
s = cv2.Laplacian(g, cv2.CV_64F).var()
```

மூன்றாவது வரி அவசியம். அறையின் இருட்டில் கைபேசி உணர்திறனைக் கூட்டியதால் முகமெங்கும் புள்ளி இரைச்சல். அந்தப் புள்ளிகளையும் இந்த அளவீடு விளிம்பாகவே எண்ணுகிறது. லேசாக மழுப்பியதும் இருட்டு ஃபிரேம்கள் பட்டியலில் கீழே இறங்கிவிட்டன.

அடுத்து வெளிச்சம். ஜன்னலை ஒட்டிய ஃபிரேம்கள் மிகக் கூர்மையானவை. ஆனால் ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் நிழலில் கிடந்தது. சராசரி வெளிச்சத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, இரண்டும் சேர்ந்து நடுத்தரமாகிவிடும். இடக் கன்னம், வலக் கன்னம் இரண்டின் சராசரியையும் தனித்தனியே எடுத்து, இடைவெளி குறைந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஜன்னலைவிட்டு இரண்டடி உள்ளே வந்த இடத்தில், வெள்ளைச் சுவரின் எதிரொளி நிழலை நிரப்பியிருந்தது. எனக்குத் தேவையான ஃபிரேம்கள் எல்லாம் அங்கேதான் கிடைத்தன.

மிஞ்சியவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பாதி மூடிய இமையும் பேச்சின் நடுவே கோணிய உதடும் இந்த எண்களில் சிக்குவதில்லை. பெரிதாக்கி, கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கவனித்தேன். அதன் விளிம்பு கலங்காமல் இருந்தால் முகம் அசையவில்லை. கோடாக இழுபட்டிருந்தால் அந்த ஃபிரேமை ஒதுக்கலாம். அப்படித் தேர்ந்த ஃபிரேமைச் சாகசக் காட்சியில் பொருத்தியபோது மூக்கும் தாடையும் நண்பருடையவையாகவே வந்தன. ஹெல்மெட் விளிம்பு நெற்றியை மறைக்கும் இடத்தில் மட்டும் முகம் நடுங்குகிறது. அது மூல முகத்தின் குறை அல்ல, முகத்தை மறைக்கும் பொருள்களை மாற்றாமல் விடும் மாஸ்க்கில் சரிசெய்ய வேண்டியது. அடுத்து அதைத்தான் எடுக்கிறேன்.