கிரவுண்டட் தியரி: பேட்டியிலிருந்து விளக்கத்துக்கு வந்த வழி

ரத்த அழுத்த மாத்திரையைப் பலர் ஏன் ஒழுங்காகப் போடுவதில்லை? "மறதிதான் காரணம்" என்று முதலிலேயே வைத்துக்கொண்டு கேள்வித்தாள் தயாரித்தால், எத்தனை பேர் மறக்கிறார்கள் என்பது மட்டுமே தெரியவரும். சமூகவியலாளர்களான பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967-இல் முன்வைத்த கிரவுண்டட் தியரி என்ற ஆய்வு முறையில் வேலை மறுமுனையிலிருந்து தொடங்குகிறது: முதலில் பேட்டி, அதிலிருந்துதான் விளக்கம்.

இரண்டு மூன்று பேட்டிகள் முடிந்ததுமே கோடிங்கை, அதாவது பேச்சின் ஒவ்வொரு பகுதிக்கும் 'கோடு' என்ற சிறு பெயர் வைப்பதை, ஆரம்பித்துவிட வேண்டும். எல்லாப் பேட்டிகளையும் எடுத்துவிட்டு உட்காரலாம் என்று தள்ளிப்போட்டால், அடுத்து யாரிடம் என்ன கேட்பது என்பதைத் தரவு சொல்லும் வாய்ப்பே போய்விடும்.

ஒருவர் சொல்கிறார்: "தலைசுத்தல் இல்லாத அன்னிக்கு போட மாட்டேன், உடம்பு அதுக்குப் பழகிடும்." இதற்கு 'மருந்து தவறுதல்' என்று கோடு வைத்தால் அது வெறும் தலைப்பு. இப்படி 'செலவு', 'குடும்பம்' என்று தலைப்புகளே சேர்ந்துகொண்டிருந்தால் கோடிங் தடம் மாறிவிட்டது என்று பொருள். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் 'உடம்பைக் கேட்டு முடிவெடுத்தல்', 'பழகிவிடுமோ என அஞ்சுதல்' என்று இரண்டு செயல்கள் கிடைக்கின்றன.

இன்னொருவர், "செக்கப்புக்கு ஒரு வாரம் முன்னாடி தவறாம போடுவேன்" என்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், இருவருமே மறக்கவில்லை. தங்கள் அளவைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். இந்த எண்ணம் தோன்றிய உடனே மற்ற வேலையை நிறுத்திவிட்டு மெமோ, அதாவது அந்த எண்ணத்தை விரித்துச் சொல்லும் குறிப்பு, எழுதிவிட வேண்டும். கோடுகளை விளக்கமாகக் கட்டுவது மெமோக்கள்தான். இதைத் தவிர்க்கிறவர்கள் கடைசியில் நீளமான கோடு பட்டியலோடு நின்றுவிடுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

மெமோவில் எழும் கேள்வியே அடுத்த பேட்டிக்கான ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. தலைசுற்றல்தான் அளவுகோல் என்றால், வீட்டிலேயே பிபி மெஷின் வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்வார்? அப்படிப்பட்டவரைத் தேடிப் போனால், "நம்பர் நல்லா இருந்தா அன்னிக்கு விட்டுடுவேன்" என்கிறார். அப்படியானால் தலைசுற்றல் என்ற முதல் விளக்கம் குறுகலானது. உடல் உணர்வோ எண்ணோ, கையில் கிடைக்கும் ஏதோ ஓர் அடையாளத்தைப் பார்த்து அளவை மாற்றுகிறார்கள் என்று அதை விரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளும் தவறாதவர்களையும் கட்டாயம் தேட வேண்டும். அவர்களில் ஒருவர், "நல்லா இருக்கறதே மாத்திரையாலதான்" என்று சொன்னால், அதே அடையாளத்தை அவர் வேறுவிதமாகப் படிக்கிறார் என்பது தெரியும். நாளின் நல்ல நிலையை நோய் போனதாகப் படிக்கிறாரா, மருந்து வேலை செய்வதாகப் படிக்கிறாரா என்பதில் விளக்கத்தின் மையம் இருக்கிறது.

எப்போது நிறுத்துவது? இருபது பேர், முப்பது பேர் என்று முன்கூட்டியே எண்ணிக்கை வைப்பது இந்த முறைக்கு ஒத்துவராது. ஒரே பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழுவதும் போதாது. ஒரே மாதிரியான ஆட்களையே சந்தித்தாலும் அப்படித்தான் கேட்கும். வேண்டுமென்றே வேறுபட்டவர்களைத் தேடிப் போயும், மையக் கருத்துக்குப் புதிய பண்போ நிபந்தனையோ சேரவில்லை என்றால் நிறுத்தலாம்.

இப்படிக் கிடைக்கும் விளக்கம், மாத்திரையை விடுவது எப்படி நடக்கிறது என்று காட்டும். எத்தனை சதவீதம் பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதற்குத் தனியாகக் கணக்கெடுப்பு வேண்டும்.