காசு கொடுத்து வாங்கின இசைக்கும் கிளெய்ம், கொடிவேரிப் பாட்டுக்கும் கிளெய்ம்

கோபி சுற்றுவட்டாரத்தில் எடுத்த பழைய படங்களை வைத்து எங்கள் யூடியூப் சேனலில் ஒரு விமர்சன வீடியோ போட்டோம். அதே அணை, அதே வாய்க்கால் கரை, அதே நெல்வயல், ஆனால் ஒவ்வொரு இயக்குநரும் அதை எப்படி வேறு வேறு கிராமமாக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்று காட்சியைக் காட்டிக் காட்டிப் பேசுகிற வீடியோ. எழுதினது, பேசினது, எடிட்டிங் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. ஏற்றி முடித்து டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் மூன்று கிளெய்ம் வந்து உட்கார்ந்திருந்தது.

சேனலில் கூட்டாளியான மாப்பிள்ளை போனில், "ஏனுங் மாமா, சேனல் போயிருமுங்களா?" என்றான். போகாது. கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்பது, இது எங்களுடையது என்கிற உரிமைக் கோரல், பெரும்பாலும் கன்டென்ட் ஐடி என்கிற யூடியூபின் இயந்திரம் பொருத்தம் பார்த்து ஒட்டுவது, அதனால் அந்த ஒரு வீடியோவின் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோ சில நாடுகளிலோ எல்லா இடத்திலுமோ மறைக்கப்படலாம், அவ்வளவுதான். உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால்தான் ஸ்ட்ரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. இதைத் தெரிந்துகொள்ளாமல் பயத்தில் வீடியோவை அழித்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முதல் கிளெய்ம்தான் வயிற்றெரிச்சல். நான் பேசும்போது அடியில் ஓடுகிற புல்லாங்குழல் இசைக்கு வந்தது அது. அந்த இசை சந்தா கட்டி, உரிமத்தோடு வாங்கினது! கிளெய்ம் போட்டவர் பெயரைப் பார்த்தால் நாங்கள் வாங்கின தளமும் இல்லை, இசையமைத்தவரும் இல்லை, கேள்விப்படாத ஒரு விநியோக நிறுவனம். தளத்துக்கு எழுதினோம். "உங்கள் உரிமம் செல்லுபடியாகும், கவலை வேண்டாம்" என்று ஒரு பதில் வந்தது. கவலை வேண்டாம் என்றால் கிளெய்மை யார் எடுப்பது? மறுபடி எழுதினால் அதே பதில், கீழே வேறு ஒருவர் கையெழுத்து.

கடைசியில் தம்பி ஒருத்தன், எங்கள் எடிட்டர், உருப்படியான வேலை ஒன்று செய்தான். கிளெய்ம் விவரத்தில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பொருந்துகிறது, எந்தப் பாட்டோடு பொருந்துகிறது என்று இருக்கும். அந்தப் பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்டான். எங்கள் புல்லாங்குழல் இசை அப்படியே அடியில் ஓட, மேலே யாரோ ஒருவர் ஏதோ ஒரு மொழியில் பாடியிருக்கிறார். அதாவது அவரும் எங்களைப் போல அதே இசையை எங்கேயோ வாங்கி, அதன்மேல் பாடி, விநியோக நிறுவனம் வழியாகக் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டார். பத்துப் பேருக்கு விற்கிற பொது இசையை ஒருவர் தனக்கு மட்டும் சொந்தம் என்று பதியக்கூடாது என்பது யூடியூப் விதி. ஆனால் பதியும்போது யாரும் காதில் வைத்துக் கேட்டுப் பார்ப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்த பிறகு டிஸ்ப்யூட், அதாவது கிளெய்ம் தப்பு என்று யூடியூப் வழியாக மறுத்து எழுதுவது, சுலபமாகிவிட்டது. காரணம் கேட்கும் இடத்தில் `License` என்பதைத் தேர்ந்தெடுத்து, இசையின் பெயர், வாங்கிய தேதி, உரிம எண், இந்த இசை பலருக்கும் விற்கப்படுவது, உங்கள் பாட்டின் அடியில் இருப்பதும் இதேதான், இந்த நொடியிலிருந்து கேட்டுப் பாருங்கள் என்று ஐந்தாறு வரியில் முடித்தோம். கோபம், கெஞ்சல் எதுவும் இல்லை. எதிராளிக்கு 30 நாள் அவகாசம். அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை, அவகாசம் முடிந்ததும் கிளெய்ம் தானாகக் கழன்றுகொண்டது. தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை, மன்னிப்பும் இல்லை. சரி, காசாவது வந்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் முதல் நாளிலிருந்து வருகிற விளம்பர வருமானத்தைத் தனியாக நிறுத்திவைத்து, ஜெயித்தவருக்குக் கொடுப்பார்கள். 5 நாள் தாண்டிவிட்டால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் நிறுத்திவைப்பு. வீடியோவுக்குக் கூட்டம் வருவதே முதல் சில நாள்தான், அதனால் தளத்தின் பதிலுக்குக் காத்திருந்து அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.

உரிமச் சான்றிதழ் பற்றியும் ஒன்று. எங்களுடையதில் மாப்பிள்ளையின் மின்னஞ்சல் பெயர்தான் இருந்தது, சேனல் பெயர் இல்லை. அதைத் திருத்தி வாங்கவே தனியாக அலைந்தோம். வாங்கும்போதே சேனல் பெயரைச் சேர்த்துவிடுங்கள். சந்தாவை நிறுத்தின பிறகு பழைய வீடியோக்களுக்கு உரிமம் தொடருமா, வாடிக்கையாளருக்குச் செய்து கொடுக்கிற வேலைக்குச் செல்லுமா என்பதையும் படித்துப் பாருங்கள். எங்கள் உரிமம் சொந்தச் சேனலுக்கு மட்டும். அதே இசையைத் திருப்பூர் பனியன் கம்பெனி விளம்பரத்துக்குப் போட்டால் வேறு விலை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே இடத்தில் வந்தவை. கொடிவேரி அணையில் தண்ணீர் விழுகிற இடத்தில் எடுத்த ஒரு பாட்டுக் காட்சியை, பாட்டுச் சத்தத்தோடு சேர்த்து முக்கால் நிமிடம் போல ஓடவிட்டு, அதன் பிறகு பேசியிருந்தோம். ஒலிக்கு ஆடியோ கம்பெனி கிளெய்ம், படக்காட்சிக்குப் படத்தின் டிஜிட்டல் உரிமை வைத்திருக்கிற வேறொரு கம்பெனி கிளெய்ம். சினிமாத் துண்டு என்று நாம் ஒன்றாக நினைப்பதில் இப்படி உரிமைகள் தனித்தனியாகக் கிடக்கும். பாட்டிலேயே ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டுக்கும் வரிக்கும் தனி உரிமை.

அனுமதி கேட்டே வாங்கிவிடலாம் என்று ஆடியோ கம்பெனிக்கு எழுதினோம். பதில் இல்லை. போன் செய்தால், விளம்பரத்துக்கா படத்துக்கா என்று கேட்டார்கள், விமர்சன வீடியோ என்றதும் மெயில் போடச் சொல்லி வைத்துவிட்டார்கள். கல்யாண மண்டபம் நடத்துகிற ஒரு அண்ணா, "ஐபிஆர்எஸ், பிபிஎல் லைசென்ஸ் என்கிட்ட இருக்குதுங்க, அதையே காட்டீருங்க" என்றார். அவர் நல்ல மனசுக்குச் சொன்னது. ஆனால் அந்த உரிமம் மண்டபத்தில் கூட்டத்துக்கு முன்னால் பாட்டுப் போடுவதற்கு. வீடியோவில் காட்சியோடு பாட்டைச் சேர்ப்பது சிங்க் எனப்படும் தனி அனுமதி, அதை உரிமையாளரிடம் நேரடியாகத்தான் வாங்க வேண்டும்.

பிறகு வக்கீலாக இருக்கிற சித்தப்பாவிடம் போய் நின்றேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(a), விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் எடுத்தாளுவது மீறல் ஆகாது என்று சொல்கிறது என்றார். ஏழு நொடி, பத்து நொடி, முப்பது நொடி என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் கிடையாதாம். டிவி நிகழ்ச்சியில் ஒரு பாடகி தன் படப்பாட்டுகளில் சில வரிகள் பாடினதை, அற்பமான அளவு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் விட்டுவிட்டதையும் சொன்னார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஆனா கண்ணு, இதெல்லாம் ஜட்ஜு முன்னால பேசற பேச்சு. நீ மெஷினுகிட்ட போயிப் பேசப்போற" என்றார்.

அதுதான் நிலைமை. நியாயமான பயன்பாடு என்று டிஸ்ப்யூட் போடலாம். எதிராளி மறுத்தால் அப்பீல், அதற்கு அவர்களுக்கு 7 நாள். அதையும் மறுத்து நீக்கக் கோரினால் ஸ்ட்ரைக். சில நேரம் டிஸ்ப்யூட் கட்டத்திலேயே நீக்கக் கோரிவிடலாம். அதற்கும் எதிர்மனு கொடுக்கலாம், ஆனால் நம் பெயர், முகவரி எல்லாம் எதிராளிக்குப் போகும், அவர்கள் 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால்தான் வீடியோ திரும்பும். முக்கால் நிமிடப் பாட்டுக்காக இவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் அந்த இடத்தில் பாட்டைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை, அணையைப் பற்றித்தான் பேசினோம். விமர்சனத்துக்குத் தேவையானது காட்சி, பாட்டு அங்கே சும்மா வந்தது. சும்மா வந்ததற்காக வாதாடினால் வாதம் நொண்டும்.

அதனால் இரண்டையும் பிரித்தோம். ஒலிக்கு, யூடியூப் ஸ்டுடியோவிலேயே பாட்டை மட்டும் அழிக்கிற வசதியைப் போட்டுப் பார்த்தால், அந்த முக்கால் நிமிடத்தின் கடைசியில் பாட்டின்மேல் தொடங்குகிற என் பேச்சும் கிணற்றுக்குள் இருந்து வருவது போலாகிவிட்டது. ஏற்றின வீடியோவுக்குப் பதிலாக வேறு கோப்பை மாற்ற முடியாது, திரும்ப ஏற்றினால் பார்வைகளும் கருத்துகளும் போய்விடும். ஆனால் போட்டு ஒரு நாள்தான் ஆகியிருந்தது, தம்பி பேச்சையும் மற்ற ஒலியையும் தனித்தனித் தடத்தில் வைத்திருந்தான், எனவே திரும்ப ஏற்றுவதென்று முடிவு செய்தோம். டிஸ்ப்யூட்டில் இருந்த புல்லாங்குழல் இருக்கிறதே, புது வீடியோவுக்கும் அதே கிளெய்ம் வந்தது, அதே ஐந்தாறு வரியை மறுபடி ஒட்டினோம். மேலே சொன்ன 30 நாள் கணக்கு இந்த இரண்டாவதற்குத்தான்.

பாட்டு இருந்த இடத்தில் கொடிவேரியில் போனில் நாங்களே பதிந்த தண்ணீர்ச் சத்தத்தைப் போட்டோம். அங்கேயும் பாருங்கள், முதல் பதிவில் மீன் வறுவல் கடையின் ஸ்பீக்கரில் ஓடின சினிமாப் பாட்டும் சேர்ந்திருந்தது, காலையில் கடை திறக்கும் முன் போய்த் திரும்பப் பதிந்தோம். படக்காட்சியை ஒரே நீளமாக ஓடவிடாமல் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின்மேலும் கேமரா எங்கே வைத்திருக்கிறார்கள், கரையில் எது மறைக்கப்பட்டிருக்கிறது என்று பேச்சை ஏற்றினோம். சொல்லப்போனால் வீடியோவே இப்போதுதான் விமர்சனமாக இருந்தது. படத்தைத் திருப்பிப் போடுவது, ஒலியின் சுருதியை ஏற்றுவது, "உரிமை அவர்களுக்கே" என்று கீழே எழுதுவது போன்ற வாட்சப் குழு வைத்தியங்கள் எதையும் செய்யவில்லை. அவை கிளெய்மையும் தடுக்காது, பின்னால் வாதாட வேண்டி வந்தால் ஒளித்துக் கொண்டுவந்தது போலவும் தெரியும்.

இந்த முறை பிரைவேட்டாகவே ஏற்றி, கிளெய்ம் வருமா என்று யூடியூப் முன்கூட்டியே பார்க்கிற `Checks` முடியும் வரை விட்டோம். ஆடியோ கம்பெனி கிளெய்ம் வரவில்லை. காட்சிக்கான கிளெய்மும் வரவில்லை. ஆனால் அன்றைக்கு வராவிட்டால் இனி வராது என்று அர்த்தமில்லை, புதிதாகப் பதிகிற கோப்புகளோடு பழைய வீடியோக்களையும் ஒப்பிடுவார்கள், ஆள் வைத்துப் பார்த்தும் கிளெய்ம் போடலாம். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. வேறொரு படத்தில் நாயகன் வாய்க்கால் கரையில் பேசுகிற வசனக் காட்சிக்குப் பிற்பாடு ஒன்று வந்தது. அதற்கு மட்டும் விமர்சனம் என்றே டிஸ்ப்யூட் போட்டோம், ஏனென்றால் அந்த வசனத்தைத்தான் வரிக்கு வரி பேசியிருக்கிறோம், படச் சத்தம் இல்லாமல் அந்தப் பகுதிக்கு அர்த்தமே இல்லை. எந்த நொடியில் காட்சி, எந்த நொடியில் அதைப் பற்றிய பேச்சு என்று எழுதிக் கொடுத்தோம், விட்டுவிட்டார்கள். மறுத்திருந்தால் அப்பீல் போவதா, அந்தத் துண்டை வெட்டுவதா என்று மாப்பிள்ளைக்கும் எனக்கும் இன்னும் சண்டை. அவன் போகலாம் என்கிறான், நான் வெட்டியிருப்பேன்.