கடல்கடல்: நீளம் சரி, சொல்லை எப்படி எடுப்பது?

ஒரு சொல்லில் சில எழுத்துகளை விட்டு, வரிசை மாறாமல் மிச்சத்தை எடுத்தால் அது துணைத்தொடர். இருபக்கமும் ஒன்றாக வாசிக்கக்கூடிய மிக நீளமான துணைத்தொடரைத் தேட ஒரு சுருக்கு வழி உண்டு: சொல்லைத் திருப்பி எழுதி, இரண்டுக்கும் பொதுவான மிக நீளமான துணைத்தொடரைப் பார்ப்பது. இதைத் தமிழ்ச் சொற்களில் செய்து பார்க்கிறேன்.

முதலில் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. திருகோணமலைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த நிலாவெளியையே கொடுத்தேன். விடை 3 என்று வந்தது. நான்கு எழுத்தும் வேறு வேறு, விடை 1 தானே? கணினி 'நி'யிலும் 'ளி'யிலும் உள்ள இகரக் குறியைத் தனி எழுத்தாக எண்ணியிருக்கிறது. `regex.findall(r"\X", s)` என்று பிரித்ததும் 1 வந்தது.

அடுத்து 'கடல்கடல்'. திருப்பினால் ல், ட, க, ல், ட, க. சொல்லின் எழுத்துகளை இடப்பக்கமும் திருப்பியதன் எழுத்துகளை மேலேயும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரையான பொதுத் துணைத்தொடரின் அதிகபட்ச நீளத்தை நிரப்பும் அட்டவணை 3 என்றது, அது சரி. சித்தியின் மகன் பார்த்துவிட்டு, "அண்ணா, நீளம் சரி, சொல்லையும் எடுத்துக் காட்டுங்கோ" என்றான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அட்டவணையின் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி வரும்போது எழுத்துப் பொருந்தாத கட்டத்துக்கு மேலேயும் இடப்பக்கமும் ஒரே எண் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். எப்போதும் மேலே போனால் 'கடக' வருகிறது, எப்போதும் இடப்பக்கம் போனால் 'ல்டல்'. இரண்டும் நல்ல விடை. ஆனால் சில இடங்களில் மேலேயும் சில இடங்களில் இடப்பக்கமுமாகக் கலந்து போனால் 'கல்ட'வும் வரலாம்! அதுவும் இரண்டு வரிசைக்கும் பொதுவானதுதான், நீளமும் 3 தான். திருப்பி வாசித்தால் மட்டும் ஒக்காது.

ஏன் என்று பார்க்க, பொருந்திய ஒவ்வோர் எழுத்துக்கும் மூலச் சொல்லில் இரண்டு இடங்களைக் குறித்தேன். முதல் இடம் நேர் வரிசையில் எடுத்தது, அடுத்தது திருப்பிய வரிசையில் எடுத்தது. க: 1, 4. ல்: 3, 3. ட: 5, 2. முதல் இடம் கூடிக்கொண்டே போகிறது, அடுத்தது குறைந்துகொண்டே வருகிறது, நடுவில் இரண்டும் சந்திக்கின்றன. சந்திப்புக்கு முந்திய பாதியை மட்டும் எடுத்துக் கண்ணாடிபோல் மடக்கினால் 'கல்க', பிந்திய பாதியை மடக்கினால் 'டல்ட'. இரண்டும் சொல்லுக்குள் உண்மையாகவே இருக்கின்றன. பிழை, ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் ஒட்டியதில்தான்.

சந்திப்பு நடுவில்தான் நடக்கும் என்று எப்படிச் சொல்வது? பாதிக்கு முன்பே நடந்தால், பின்னால் மிஞ்சும் பெரிய பகுதியை மடக்கி இன்னும் நீளமான ஒன்றை உண்டாக்கிவிடலாம். பிந்தி நடந்தால் முன்பகுதியை வைத்து அதையே செய்யலாம். அதுவும் ஒரு பொதுத் துணைத்தொடர்தான் என்பதால், நம்மிடம் இருப்பதே மிக நீளமானது என்பதோடு முரண்படும். ஆகவே எந்த வழியில் பின்னோக்கி வந்தாலும், கிடைத்த `c` என்ற பட்டியலுக்கு இது போதும்:

```python
h = len(c) // 2
p = c[:len(c) - h] + c[:h][::-1]
```

தம்பிக்கு 'கல்ட'வையே கொடுத்து ஓட்டிக் காட்டினேன், 'கல்க' வந்தது. நீளம் இரட்டைப்படையாக இருந்தாலும் இதே இரண்டு வரிதான்.